ஏணியின் நீளமும் அடியின் தூரமும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில், கரும்பாறைகள் அலைகளுக்குள் இறங்கி நிற்க, அவற்றிற்கு மேலே உயர்ந்த மேட்டில் கலங்கரை விளக்கம் ஒன்று கடலைப் பார்த்திருக்கும் முட்டத்தில், கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்கும் நாட்களில், வீட்டுக்கு வீடு ஏணிகள் சுவரில் சாய்வதைக் காணலாம். உப்புக் காற்றினால் ஓராண்டுக்குள் நிறம் மங்கிப்போன சுவர்களுக்கு வெள்ளையடிப்பதும், இவ்வூரார் மட்டுப்பா என்று வழங்கும் சமதளக் கூரையின்மேல் ஏறி மழைநீர் தேங்கிய இடங்களைச் செப்பனிடுவதும், நட்சத்திர விளக்கைக் கட்டித் தொங்கவிடுவதும் அக்காலத்து வேலைகள். வடகிழக்குப் பருவமழை முழுதும் ஓய்ந்திராத காலமாதலால் முற்றங்கள் ஈரமாகவே இருக்கும். கடற்காற்று கொண்டுவந்து தூவிய மணல் சிமெண்டுத் தரையில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். இத்தகைய தரையில் ஏணியை வைப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். இன்ன உயரத்தை எட்டுவதற்கு ஏணி எவ்வளவு நீளமுள்ளதாயிருக்க வேண்டும்? அதன் அடி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும்? பெரும்பாலோர் முதற்கேள்வியைக் கேட்பதேயில்லை. கைக்கு அகப்பட்ட ஏணியைக் கொண்டுவந்து, அது சுவருக்குப் பொருந்தும்வரை அடியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்கிறார்கள். நீளத்தில் நேர்ந்த பிழை கோணத்தில் போய் முடிவது இவ்விடத்தில்தான் என்பதையே இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகிறது.

சுவர், தரை, ஏணி ஆகிய மூன்றும் சேர்ந்து அமைப்பது ஒரு செங்கோண முக்கோணம். சுவர் அதன் உயரம், சுவரடிக்கும் ஏணியடிக்கும் இடைப்பட்ட தரை அதன் அகலம், ஏணியே கர்ணம். நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு அகலம் என்னும் விகிதத்தையே பாதுகாப்பான நிலை என்று உலகெங்கும் கொள்கிறார்கள். அவ்விகிதத்தில் ஏணி தரையோடு ஏறக்குறைய 76 பாகைக் கோணத்தில் நிற்கும். பிரிட்டிஷ் விதிகள் கால்பங்கை உயரத்திலிருந்து கணக்கிடுகின்றன. அமெரிக்க விதிகளோ, தரையிலிருந்து ஏணி சாய்ந்திருக்கும் இடம் வரையுள்ள ஏணி நீளத்தின் கால்பங்கைக் கொள்ளச் சொல்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், 12 அடி உயரத்துக்கு, ஓர் அங்குலத்தை ஒட்டியதே. ஆகையால் எவருக்கு எது எளிதோ அதைக் கையாளலாம்.

முட்டத்தில் சாதாரணமாகக் காணத்தக்க ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வெளித்தரையிலிருந்து அதன் மட்டுப்பாவின் விளிம்பு 12 அடி உயரத்தில் இருக்கிறதென்றால், ஏணியின் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளியிருக்க வேண்டும். 12-இன் வர்க்கம் 144. 3-இன் வர்க்கம் 9. இரண்டும் சேர்ந்த 153-இன் வர்க்கமூலம் 12.37. அதாவது அடியிலிருந்து விளிம்பு வரையில் 12 அடி நாலரை அங்குல நீளம் வேண்டும். வர்க்கமூலம் காணும் தொல்லையை விரும்பாதவர்க்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நாலுக்கொன்று என்ற இந்த விகிதத்துக்கு மட்டும், உயரத்தின் ஒவ்வோர் அடிக்கும் மூன்று அரைக்கால் அங்குலம், அதாவது அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, கூட்டிக்கொண்டால் போதும். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு முறை கூட்ட, அதே நாலரை அங்குலம் வந்துவிடுகிறது.

தமிழகத்தில் கர்ணம் காண்பதற்கு இன்னொரு வாய்பாடும் வழங்கிவருகிறது; அதைப் போதையனார் என்னும் பெயரோடு சேர்த்துச் சொல்லுவார்கள். நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றைத் தள்ளிவிட்டு, எஞ்சிய ஏழு கூறுகளோடு குறுகிய பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணம் கிடைக்கும் என்பது அதன் கருத்து. வர்க்கமூலமின்றிக் கர்ணத்தைத் தரும் இந்த அழகிய உபாயம் 3-க்கு 4 என்ற முக்கோணத்தில் மிகச் சரியாக 5 என்ற விடையையும், 5-க்கு 12 என்ற முக்கோணத்தில் மிகச் சரியாக 13 என்ற விடையையும் அளிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சாய்வுகளில் உண்மையினும் இம்மியளவே கூடுதலாகச் சொல்கிறது. ஓட்டுக்கூரைகளின் கைமரங்கள் பெரும்பாலும் இத்தகைய சாய்வுகளிலேயே அமைவதால், தச்சுவேலைக்கு அது நம்பத்தக்க துணை. ஆனால் ஏணியின் முக்கோணமோ அவ்வெல்லைக்கு வெளியே கிடக்கிறது. 12 அடி உயரத்துக்கும் 3 அடி அகலத்துக்கும் அவ்வாய்பாட்டைப் பிரயோகித்தால், 12-இல் எட்டிலொரு பங்கைத் தள்ள பத்தரையும், 3-இல் பாதியாகிய ஒன்றரையும் சேர்ந்து சரியாக 12 அடியே வருகிறது. சாய்ந்து நிற்கும் ஏணியும் செங்குத்தாக நிற்கும் சுவரும் ஒரே நீளம் என்று சொல்வதற்கு அது ஒப்பாகும். நாலரை அங்குலம் குறைவுபடும் இந்த விடையை நம்பி ஏணியை அறுத்தவர், அது விளிம்பைத் தொடவேண்டும் என்பதற்காக அடியைச் சுவரை நோக்கித் தள்ளத்தான் செய்வார். எந்த வாய்பாடும் தான் பிறந்த எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்பதைக் கணித மாணவர் அறிவார்; ஏணி செய்பவரும் அறிந்திருப்பது நன்று.

விளிம்பு வரை எட்டுவது மட்டும் போதாது. மட்டுப்பாவில் இறங்குகிறவர் ஏணியிலிருந்து காலை எடுத்துத் தளத்தில் வைக்கும் அந்த ஒரு கணத்தில், கைகள் பற்றிக்கொள்ள ஏதேனும் இருந்தாக வேண்டும். அதற்காக ஏணியின் நெடுங்கால்கள் விளிம்புக்குமேல் 3 அடியேனும் நீண்டிருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். ஆகவே நம் வீட்டுக்கு வேண்டிய ஏணி பதினைந்தரை அடி. கடையில் 16 அடி ஏணி கிடைக்குமானால் அதையே வாங்கலாம். இங்கே பலரும் செய்யும் பிழையொன்று உண்டு. ஏணி 16 அடி நீளமாயிற்றே, அதில் கால்பங்கு 4 அடியாயிற்றே என்று எண்ணி, அடியை 4 அடி தூரத்தில் வைத்துவிடுவார்கள். கால்பங்கு கணக்கிட வேண்டியது ஏணி சாயும் விளிம்பு வரையிலுள்ள பகுதிக்கே; விளிம்புக்குமேல் நீண்டிருக்கும் பகுதி வெறும் கைப்பிடி. 12 அடிக்கு 4 அடி என்றால் விகிதம் மூன்றுக்கொன்றாகி, கோணம் 72 பாகையை எட்டாமல் நின்றுவிடும். அந்தக் கைப்பிடிப் பகுதியின் படிகளில் ஏறி நிற்பதும் ஆகாது. உடலின் பாரம் விளிம்புக்கு மேற்பட்டுவிட்டால், விளிம்பே சுழல்மையமாகி, ஏணியின் அடி தரையை விட்டுக் கிளம்ப முற்படும்.

இனி, நான்குக்கு ஒன்று என்பது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். ஏணி சுவரின்மேல் சாயும்போது அதன் தலை சுவரைத் தள்ளுகிறது. சுவரும் அதே அளவு விசையோடு ஏணியை வெளிப்புறமாகத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்கி நிற்பதற்குத் தரையில் இருப்பது ஏணியடியின் உராய்வு ஒன்றே. தள்ளல் எவ்வளவு என்பதை அறிய, அடியை மையமாகக் கொண்டு இருபுறத்துத் திருப்புதிறனையும் சமப்படுத்த வேண்டும். 12 அடி நாலரை அங்குல நீளமுள்ள, 15 கிலோ எடையுள்ள ஓர் ஏணி 12 அடி உயரத்தில் தலைசாய்த்து, 3 அடி தள்ளி அடிவைத்து நிற்கிறது என்றும், கையில் வாளியுடன் 75 கிலோ எடையுள்ள ஒருவர் அதில் ஏறுகிறார் என்றும் கொள்வோம். ஏணியின் எடை அதன் நடுவில், அடியிலிருந்து ஒன்றரை அடி உள்ளே இருக்கிறது. மனிதர் கணக்கின் பொருட்டு உச்சிவரை சென்றுவிட்டார் என்றால், அவர் எடை 3 அடி உள்ளே இருக்கிறது. 15-ஐ ஒன்றரையாலும் 75-ஐ மூன்றாலும் பெருக்கிக் கூட்ட, 247½ வருகிறது. அதை 12 அடி உயரத்தால் வகுக்க, சுவரின் தள்ளல் 20½ கிலோவுக்குச் சற்று மேல் என்று தெரிகிறது. தரையில் இறங்கும் மொத்த எடை 90 கிலோ. ஆகவே, ஏணியடிக்கும் தரைக்கும் உள்ள உராய்வு, எடையில் நான்கிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவான விசையைத் தாங்கினாலே ஏணி நகராமல் நிற்கும்.

அதே ஏணியின் அடியை 6 அடி தூரத்துக்கு இழுத்து வைத்துப் பாருங்கள். தலை 12 அடியிலிருந்து 10 அடி 10 அங்குலத்துக்கு இறங்குகிறது. கண்ணுக்கு அது ஒரு பெரிய மாறுதலாகத் தோன்றாது. ஆனால் சுவரின் தள்ளலோ 45 கிலோவைத் தாண்டி, மொத்த எடையில் பாதிக்குமேல் போய்விடுகிறது. உலர்ந்த சொரசொரப்பான சிமெண்டுத் தரையில், அடியில் ரப்பர் பொருத்திய ஏணி அதையும் ஒருவாறு தாங்கக்கூடும். மழையில் நனைந்து பாசி படிந்த முற்றத்திலோ, சிந்திய சுண்ணாம்பு வழுக்கும் இடத்திலோ, மணற்பொடி உருளும் தரையில் வெறும் மூங்கிற்காலை ஊன்றிய நிலையிலோ, உராய்வு எடையில் நான்கிலொரு பங்குக்கே இறங்கிவிடலாம். அதற்குக் கீழேயும் போகலாம். அங்கே 3 அடி தூரம் வைத்த ஏணியே விளிம்பில் நிற்கிறதென்றால், 6 அடி தூரம் வைத்தது நிற்பதற்கு நியாயமேயில்லை.

இதில் மிகவும் கவனிக்கத்தக்கது, தள்ளல் ஏறுபவரோடு கூடவே ஏறுகிறது என்பது. சரியான கோணத்தில் வைத்த நம் ஏணியில், அவர் முதற்படியில் நிற்கும்போது தள்ளல் மூன்றரைக் கிலோ; நடுவில் 11 கிலோ; உச்சியில் 20 கிலோவுக்கு மேல். முதற்படியில் ஏறிக் குதித்துப் பார்த்து, அசையவில்லை என்று திருப்தியடைந்து மேலே செல்கிறவர், பரீட்சித்தது மூன்றரைக் கிலோவைத் தாங்கும் வல்லமையை மாத்திரமே. ஏணி சறுக்கும் விபத்துகள், ஏறியவர் உச்சியை நெருங்கி, கையை நீட்டி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் நிகழ்வதற்குக் காரணம் இதுதான். தரை அப்போதுதான் வழுக்கத் தொடங்குகிறது என்பதன்று, அதன் வல்லமைக்கு மிஞ்சிய தள்ளல் அப்போதுதான் பிறக்கிறது.

இத்தகைய சறுக்கலுக்கு வித்திடுவது பெரும்பாலும் நீளமான ஏணியே என்பதையும் சொல்ல வேண்டும். ஜன்னலின்மேல் சன்ஷேடு நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில், அதற்குக் கீழேயுள்ள சுவர்ப்பகுதிக்கு வெள்ளையடிக்க, மட்டுப்பாவுக்கென்று வாங்கிய 16 அடி ஏணியைக் கொண்டுவந்து வைத்தால், தலை சன்ஷேடில் இடிக்கிறது; உடனே அடியைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். ஏணி அடங்கிவிடுகிறது, கோணம் கெட்டுவிடுகிறது. அங்கே வேண்டியது சிறிய ஏணி. அது இல்லையென்றால் முக்காலியோ இரட்டை ஏணியோ.

ஏணி குட்டையாகப் போனால் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. எட்டாத உயரத்தை எட்டுவதற்காக அடியைச் சுவரை நோக்கித் தள்ளுகிறார்கள். அதனால் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாகவே இருக்கிறது. நம் ஏணியின் அடியை 3 அடியிலிருந்து 1 அடிக்குக் கொண்டுவந்தால், தலை உயர்வது வெறும் 4 அங்குலம். அந்த 4 அங்குலத்துக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிது. தரையிலிருந்து 9 அடி உயரத்துப் படியில் நிற்பவர், சரியான கோணத்தில், ஏணியடிக்கு 2¼ அடி உள்ளே நிற்கிறார். உருளைத் தூரிகையை இழுப்பதற்காகச் சற்றே பின்சாய்ந்து, உடலின் ஈர்ப்பு மையம் படியிலிருந்து ஓர் அடி வெளியே வந்தாலும், அது ஏணியடிக்கு ஓர் அடிக்குமேல் உள்ளேதான் இருக்கிறது. சுவரை நோக்கியே அவர் பாரம் ஏணியை அழுத்துகிறது. ஓர் அடி தூரம் மட்டும் விட்டு நட்ட ஏணியிலோ, அதே 9 அடி உயரப் படி ஏணியடிக்கு 9 அங்குலமே உள்ளே இருக்கிறது. அதே அளவு பின்சாய்ந்தால் ஈர்ப்பு மையம் அடிக்கு 3 அங்குலம் வெளியே வந்துவிடுகிறது. 15 கிலோ ஏணியின் சொந்த எடை அதை ஈடுகட்டப் போதாது. தலை சுவரை விட்டுப் பிரிந்து, ஏணியும் மனிதரும் மல்லாந்து விழ நேர்கிறது. சறுக்கும் ஏணியாவது சுவரை உரசிக்கொண்டு இறங்கும். பின்புறம் சாயும் ஏணிக்கு அந்த ஆதரவும் இல்லை. படுத்த ஏணிக்குத் தரை பகை, நிமிர்ந்த ஏணிக்கு ஏறுபவரின் முதுகே பகை. இவ்விரண்டு அபாயங்களுக்கும் இடையே, இரண்டினின்றும் விலகிய ஓர் இடமாகவே நாலுக்கொன்று என்னும் விகிதம் அமைந்திருக்கிறது.

மட்டுப்பாவில் ஏறுவதற்கும் சுவரில் வேலை செய்வதற்கும் நீளக் கணக்கு ஒன்றல்ல. முன்னதில் ஏணி சுவரினும் மிஞ்சியிருக்க வேண்டும். பின்னதில் அது சுவரினும் குறைந்திருக்கலாம். ஒரு தேவாலயத்தின் பக்கச்சுவர் 20 அடி உயரம் என்றும், அதன் மேல்விளிம்பு வரை வண்ணம் பூச வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி உயரமுள்ளவர் தம் பாதத்திலிருந்து 5 அடி உயரம் வரை சிரமமின்றித் தூரிகை பிடிப்பார். ஆகவே பாதம் 15 அடி உயரத்தில் இருக்க வேண்டும். பற்றிக்கொள்வதற்காக ஏணியின் தலை பாதத்துக்குமேல் இன்னும் 3 அடி நீண்டிருக்க வேண்டும். ஆகவே தலை 18 அடி உயரத்தில் சுவரைத் தொடும். அடிக்கு எட்டில் மூன்று அங்குலமாகக் கூட்ட, நீளம் 18 அடி ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அடியின் தூரம் நாலரை அடி. இருபது அடிச் சுவருக்கு இருபது அடி ஏணி என்று எண்ணிக் கொண்டுவந்தவர், தலை அந்த 18 அடி உயரத்திலேயே சுவரைத் தொடும்படி அடியை இழுத்து வைத்தால் மேற்சொன்ன முதல் அபாயத்துக்குள் விழுவார். நாள்முழுவதும் செய்யும் வேலையாகவும், இரண்டு கைகளும் வேண்டியதாகவும் இருக்குமானால், அங்கே ஏணியை விட்டுச் சாரம் கட்டுவதே தகும்.

இதுவரை சொன்னவை சுவருக்கு நேரெதிராக ஏணி நிற்கும் நிலையைப் பற்றியன. பக்கவாட்டில் சாயும் அபாயம் முட்டத்தின் மணற்பாங்கான முற்றங்களில் தனியே கவனிக்க வேண்டியது. ஏணியின் இரு கால்களுக்கும் இடையே 16 அங்குல அகலம் இருக்கிறதென்றும், ஒரு கால் மட்டும் மணலில் 2 அங்குலம் புதைகிறதென்றும் கொண்டால், ஏணி எட்டுக்கு ஒன்று என்ற அளவில் ஒருபக்கம் சரிகிறது. 12 அடி உயரத்தில் இருக்கும் தலை, கட்டப்படாமலிருந்தால், ஒன்றரை அடி பக்கத்தில் நகர்ந்துவிடும். தரையில் 2 அங்குலமாயிருந்தது உச்சியில் 18 அங்குலமாகிறது. ஆகையால் மணலில் ஏணியை நேரே ஊன்றாமல், இரண்டு கால்களும் ஒன்றாக நிற்கத்தக்க நீளமுள்ள தடித்த பலகையை முதலில் மணலில் அழுத்திப் பதித்து, கால்கள் பின்னோக்கி வழுகாதபடி அப்பலகையின்மேல் ஒரு சட்டத்தை அறைந்து, அதன்பின் ஏணியை நிறுத்துவதே முறை. தலையைச் சாளரக் கம்பியிலோ மட்டுப்பாவின் இரும்பிலோ கயிற்றால் கட்டிவிட்டால், சறுக்கலும் சரிவும் ஒருசேர நீங்கும். கயிற்றைக் கட்டுவதற்காக ஏறும் முதல் ஏற்றத்தின்போது மட்டும் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அளவுகோல் இல்லாத இடத்தில் கோணத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஏணியை நோக்கி நின்று, கால்விரல்களின் நுனியை ஏணியின் அடியோடு சேர்த்துவைத்து, நிமிர்ந்து, கைகளைத் தோள்மட்டத்தில் நேரே நீட்டினால், உள்ளங்கைகள் அந்த உயரத்திலுள்ள படியில் இயல்பாகப் படிய வேண்டும். உடல் முன்னே சாயாமல் படியை எட்ட முடியவில்லையென்றால் ஏணி படுத்திருக்கிறது. முழங்கையை மடக்க நேர்ந்தால் ஏணி நிமிர்ந்திருக்கிறது. இதற்கான காரணமும் அதே விகிதத்தில்தான் இருக்கிறது. தோள் நாலரை அடி உயரத்தில் இருக்குமானால், அவ்வுயரத்தில் ஏணி தன் அடியிலிருந்து பதின்மூன்றரை அங்குலம் உள்ளே சென்றிருக்கும். நிற்பவரின் தோளோ, விரல்நுனிக்கு நேர்மேலே இல்லாமல், கணுக்காலுக்கு மேலே, 8 அல்லது 9 அங்குலம் பின்னால் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த 22 அங்குலத்துக்கும், தோளிலிருந்து உள்ளங்கை வரையுள்ள தூரத்துக்கும் அதிக வித்தியாசமில்லை. உயரமானவருக்குத் தோளும் உயரும், கையும் நீளும். ஆகையால் நெட்டையர்க்கும் குட்டையர்க்கும் இப்பரீட்சை ஏறக்குறைய ஒரே கோணத்தையே காட்டுகிறது.

கடலை நோக்கிச் சரிந்திறங்கும் மேட்டில் கட்டிய வீடுகளுக்கு இம்முறை அளவுநாடாவைக் காட்டிலும் உகந்தது. சுவரடியிலிருந்து அளந்த 12 அடி உயரமும் 3 அடி தூரமும் சமதரைக்கு உரியவை. தரை சரிவாயிருந்து, ஏணியின் அடி சுவரடியைவிட ஓர் அடி தாழ்ந்த இடத்தில் நிற்குமானால், உண்மையான உயரம் 13 அடி. தூரம் 3¼ அடி. விளிம்பு வரை வேண்டிய நீளம் 13 அடி 5 அங்குலம். கைப்பிடியோடு சேர்த்து பதினாறரை அடி. சமதரைக்கென்று வாங்கிய 16 அடி ஏணி இங்கே கைப்பிடிக்கு அரையடி குறைந்துபோகிறது. அந்த உயர வித்தியாசத்தைக் காண, சுவரடியில் ஒரு நேரான சட்டத்தின் ஒரு முனையை வைத்து, ரசமட்டம் பார்த்துச் சட்டத்தைக் கிடையாக்கி, அதன் மறுமுனையிலிருந்து தரைவரை அளந்து, வந்த அளவை உயரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஏணியை வாங்குவதற்கு முன்பே இதைச் செய்தால் நீளம் சரியாக அமையும், ஏணி வாங்கியபின் செய்வதானால் அதே வீட்டில் தரை சரியாத வேறொரு பக்கத்தைத் தேடி அங்கே அதை நிறுத்த வேண்டும்.